சொன்ன விதத்துக்கு மட்டும் மன்னிப்பு கேட்பது எப்படி?

"செவ்வாய்க்கிழமை சக ஊழியர் ஒருவருக்குக் கோபத்தில் ஒரு மெயில் அனுப்பிவிட்டேன். 'மூன்று முறை சொல்லியும் புரியவில்லை என்றால் இனி எப்படித்தான் சொல்வது?' என்று எழுதினேன். சிசியில் நான்கு பேர் இருந்தார்கள். பொது அட்டவணையில் அவர் யாரிடமும் சொல்லாமல் வரிசைகளை மாற்றியதில் என் அறிக்கை முழுக்கத் தப்பாகிவிட்டது, அதுதான் பிரச்சினை. மாற்றுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் எழுதிய விதம் தவறு, அது உறுத்துகிறது. மன்னிப்பு கேட்கப் போய் மறுபடி அட்டவணைச் சண்டையே ஆரம்பித்துவிடுமோ என்று பயம். எப்படி எழுதுவது?"

உங்கள் மெயிலில் இரண்டு சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, அட்டவணையை மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற கருத்து. இன்னொன்று, நாலு பேர் முன்னால் அவரை விவரம் புரியாதவராகக் காட்டிய அந்த ஒரு வரி. முதலாவதில் நீங்கள் இறங்கிவர வேண்டியதில்லை, இரண்டாவதில் முழுதாக இறங்கிவர வேண்டும். இரண்டையும் பிரிக்காமல் எழுத உட்கார்ந்தால், முதலாவதை விட்டுக்கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டாவதிலும் கை இறுகிவிடும். பதினாறு வருடமாக மனிதவளத் துறையில் இருக்கிறேன். ஊழியர்களுக்குள் வரும் மனக்கசப்பைப் பேசித் தீர்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. மன்னிப்பு மெயிலே அடுத்த சண்டைக்குக் காரணமானதை நிறையப் பார்த்திருக்கிறேன். அவை எல்லாவற்றிலும் கோளாறு ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருந்தது.

எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அட்டவணை விஷயத்தில் நீங்கள் சொன்ன தகவல்கள் உண்மையிலேயே சரியா? மூன்று முறை சொன்னது நிஜமா, அல்லது ஒரு முறை சொல்லிவிட்டு இரண்டு முறை மனசுக்குள் சொல்லிக்கொண்டீர்களா? தகவலிலும் பிழை இருந்தால், விதத்துக்கு மட்டும் மன்னிப்பு கேட்பது நழுவல். அப்போது இரண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். தகவல் சரி, கருத்தும் இன்னும் மாறவில்லை என்றால், விதத்துக்கு மட்டும் கேட்பது நேர்மையான மன்னிப்புதான். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இப்போது, இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் எழுதும் முதல் வரைவைப் பார்ப்போம். நீங்களும் மனசுக்குள் ஏறக்குறைய இதைத்தான் எழுதியிருப்பீர்கள்.

"வணக்கம். செவ்வாய்க்கிழமை மெயில் உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். அட்டவணை மாறியது தெரியாமல் போனதால், கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவந்த டென்ஷனில் அப்படி எழுதிவிட்டேன். உங்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ஆனால் இனிமேல் மாற்றம் செய்யும்போது முன்கூட்டியே சொன்னால் நன்றாக இருக்கும்."

படிக்கப் பணிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். கடைசி வாக்கியத்தில் "ஆனால்" இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதை எடுத்துவிடச் சொன்னால் எடுத்தும் விடுவார்கள். "புண்படுத்தியிருந்தால்" என்பதில் உள்ள "இருந்தால்" தவறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம் என்ற சந்தேகமாக மாற்றிவிடுகிறது. இதையும் பலர் கவனித்துத் திருத்திவிடுவார்கள். யார் கண்ணிலும் படாமல் தப்பிவிடுவது இரண்டாவது வாக்கியம்தான். சண்டை திரும்ப ஆரம்பிப்பது அங்கேதான்.

"அட்டவணை மாறியது தெரியாமல் போனதால்" என்று எழுதும்போது நாம் யாரையும் குறை சொன்னதாக நமக்குத் தோன்றுவதில்லை. "நீங்கள்" என்ற சொல்லே அதில் இல்லை. அட்டவணை தானாக மாறியது, தெரியாமல் போனது, அவ்வளவுதான். நம் மொழியில் ஒரு குற்றச்சாட்டை இப்படி ஆள் பெயர் இல்லாமல் காரணம் சொல்லும் பகுதிக்குள் மடித்து வைத்துவிட முடியும். "அறிக்கை வராததால்", "பதில் கிடைக்காத நிலையில்", "திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததில்" என்றெல்லாம் எழுதினால் எழுதுபவருக்கு அது வெறும் சூழ்நிலை விளக்கம். படிப்பவருக்கோ யார் மாற்றியது, யார் சொல்லவில்லை, யார் அனுப்பவில்லை என்பதெல்லாம் தெரியும். "நீ செய்த தப்பால்தான் நான் கத்தினேன்" என்றுதான் அவர் படிப்பார். உடனே, "மாற்றங்கள் எல்லாம் பதிவில் இருந்தனவே, பார்த்திருக்கலாமே" என்று பதில் எழுதுவார். மன்னிப்பு கேட்டவருக்குக் கோபம் வரும். "நான் மன்னிப்புதானே கேட்டேன், இவர் ஏன் சண்டைக்கு வருகிறார்?" என்று என்னிடம் வந்து நிற்பார். அவர் மெயிலை எடுத்துப் படித்தால் முதல் அடி அவருடையதாகவே இருக்கும்.

அதனால் நான் எல்லோரிடமும் செய்யச் சொல்வது ஒரே ஒரு வேலை. வரைவை எழுதி முடித்ததும் "ஆல்" என்று முடியும் சொற்களையும், "போது", "நிலையில்", "டென்ஷனில்" மாதிரி காரணம் சொல்லும் சொற்களையும் அடிக்கோடு இடுங்கள். ஒவ்வொன்றுக்கும் "இதைச் செய்தது யார்?" என்று கேளுங்கள். பதில் "அவர்" என்று வந்தால் அந்தப் பகுதியை முழுக்க எடுத்துவிடுங்கள். மென்மையாக்க முயற்சி செய்யாதீர்கள். மென்மையாக்கினாலும் குற்றச்சாட்டு உள்ளேயே இருக்கும். பதில் "நான்" என்று வந்தால் வைத்துக்கொள்ளலாம். "அவசரத்தில் திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டேன்" என்பது உங்கள் செயல், அது இருக்கலாம். அதுவும் அரை வரிக்கு மேல் போனால் சாக்கு மாதிரி ஒலிக்கும்.

மூன்றாவது வாக்கியமான "உங்களைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை" பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்களுக்கு உண்மையாகவே தோன்றும். மெயிலில் தொனி எவ்வளவு சரியாகப் போய்ச் சேர்கிறது என்று 2005-இல் ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்ளியும் இன்னும் சிலரும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கிண்டலாகச் சொன்னதா, நிஜமாகச் சொன்னதா என்பதைப் படிப்பவர்கள் 100-க்கு சுமார் 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார்கள் என்று மெயில் எழுதியவர்கள் நினைத்தார்கள். மெயிலில் படித்தவர்கள் சரியாகச் சொன்னது சுமார் 56 தடவைதான், காசு சுண்டிப்போடுவதைவிடக் கொஞ்சம் மேல். எழுதும்போது நம் குரல் நமக்குக் கேட்கிறது, படிப்பவருக்குக் கேட்பதில்லை என்பதுதான் காரணம். இந்த எண்கள் கிண்டலைப் பற்றியவை, கோபத்தைப் பற்றியவை இல்லை. அதனால் அந்த எண்ணிக்கையை அப்படியே உங்கள் மெயிலுக்குப் பொருத்த மாட்டேன். ஆனால் உங்கள் நோக்கம் எழுத்தில் தெரிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம் என்று சொல்ல அது போதும். நோக்கத்தை இப்போது விளக்கினால் "நீங்கள்தான் தப்பாகப் படித்துவிட்டீர்கள்" என்று ஆகிவிடும். அந்த வாக்கியமும் வேண்டாம்.

இவ்வளவையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். கொஞ்சம்தான் இருக்கும், அந்தக் கொஞ்சத்தைத் துல்லியமாக எழுத வேண்டும்.

"வணக்கம். செவ்வாய்க்கிழமை மெயிலில் 'மூன்று முறை சொல்லியும் புரியவில்லை என்றால்' என்று உங்களைப் பற்றி எழுதினேன். அதையும் நான்கு பேர் பார்க்கும்படி எழுதினேன். அப்படி எழுதியது தவறு, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். இனி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் உங்களிடம் நேரில் சொல்கிறேன்."

இது முதல் வரைவைவிட எவ்வளவோ மேல். தவறு எது என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறது. "என் தொனி கொஞ்சம் கடுமையாக இருந்தது" என்று பொதுவாக எழுதினால், எந்த வரி வலித்தது என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்ற சந்தேகம் அவருக்கு இருந்துகொண்டே இருக்கும். அந்த வரியையே எடுத்து வைத்துவிட்டால் சந்தேகம் போய்விடும். வரியை முழுவதுமாக மேற்கோள் காட்டாமல் பாதியில் நிறுத்தியிருப்பதையும் பாருங்கள். அடையாளம் தெரிந்தால் போதும், அவரை இன்னொரு முறை முழுசாகப் படிக்க வைக்க வேண்டியதில்லை.

ஆனால் கடைசி வாக்கியத்தில் ஒரு முள் இருக்கிறது. "இனி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால்" என்றால், சொல்வதற்கு இன்னும் இருக்கிறது, அடுத்த தப்பை எதிர்பார்க்கிறேன் என்று ஆகிறது. நான் அதை இப்படி மாற்றுவேன்: "இனி கருத்து வேறுபாடு வந்தால், முதலில் உங்களுடன் பேசிவிட்டுத்தான் மெயில் எழுதுவேன்." இப்போது வாக்குறுதி உங்கள் செயலைப் பற்றி மட்டும் இருக்கிறது, செய்தீர்களா இல்லையா என்று அவரால் பார்க்கவும் முடியும். 2016-இல் ராய் லெவிக்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் மன்னிப்பின் ஆறு பகுதிகளைப் பிரித்து, எது அதிகம் எடுபடுகிறது என்று பார்த்தார்கள். தவறு என்னுடையது என்று பொறுப்பேற்பதுதான் முதலில் வந்தது. அடுத்து, சரிசெய்ய முன்வருவது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது கடைசியில் வந்தது. அதில் பங்கேற்றவர்கள் கற்பனையான ஒரு சம்பவத்தைப் படித்து மதிப்பிட்டவர்கள், நிஜமாகக் காயப்பட்டவர்கள் இல்லை. அந்த வரம்பு உண்டு. ஆனாலும் நான் நேரில் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு தடவை சொல்லுங்கள், அதோடு விட்டுவிடுங்கள். "மன்னித்துவிட்டீர்கள்தானே?" என்று கேட்டால் அவருக்கு ஒரு வேலை கொடுத்தது மாதிரி ஆகிவிடும். "மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதினால் அது அறிவிப்புப் பலகை மாதிரி ஒலிக்கிறது என்பது என் அபிப்பிராயம். "என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்" என்பதில் ஓர் ஆள் இருக்கிறார்.

அட்டவணை விஷயம் இன்னும் முடியாமல் இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வரி தேவைப்படலாம். அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால், நீங்கள் அதையும் விட்டுக்கொடுத்துவிட்டதாக அவர் நினைக்க இடம் இருக்கிறது. பிறகு கூட்டத்தில் நீங்கள் எழுப்பினால் "அன்றைக்கு மன்னிப்பு கேட்டாயே" என்று குழம்புவார். அதனால் விவாதத்துக்கு ஓர் இடமும் நாளும் மட்டும் குறித்துவிடுங்கள், உதாரணத்துக்கு: "அட்டவணை பற்றி வியாழக்கிழமை கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம். இந்த மெயில் அதற்காக எழுதியது இல்லை." உங்கள் நிலைப்பாடு என்ன என்று இங்கே ஒரு சொல்கூட வேண்டாம். "அந்தக் கருத்தில் எனக்கு மாற்றம் இல்லை" என்று எழுதத் தோன்றும். உண்மையாகவே இருந்தாலும் அதை வியாழக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விவாதம் ஏற்கெனவே முடிந்துபோன விஷயமாக இருந்தால் இந்த வரியே வேண்டாம்.

அனுப்பும் முறை பற்றி. பழைய மெயிலுக்கு ரிப்ளையாக இதை அனுப்பாதீர்கள், புதிதாக ஒன்று திறந்து எழுதுங்கள். பழைய சரத்தில் எழுதினால் உங்கள் மன்னிப்புக்குக் கீழேயே அந்தக் கடுமையான வரி தொங்கிக்கொண்டிருக்கும், யாராவது ஃபார்வேர்ட் செய்தால் இரண்டும் சேர்ந்தே பயணிக்கும். முதலில் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். சிசியில் இருந்த நால்வருக்கும் சொல்ல வேண்டியது அவசியம்தான், ஏனென்றால் அவர் தலைகுனிந்தது அவர்கள் முன்னால். ஆனால் அதை அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலருக்கு அது ஆறுதல். சிலர் "மறந்துபோனதை ஏன் கிளறுகிறீர்கள்" என்பார்கள், அப்படிச் சொன்னால் விட்டுவிடுங்கள். சரி என்று சொன்னால், அவரையும் சேர்த்து எல்லோருக்கும் இரண்டே வரி: "செவ்வாய்க்கிழமை மெயிலில் நான் எழுதிய விதம் தவறு. அவரிடம் மன்னிப்பு கேட்டுவிட்டேன், நீங்களும் அதைப் பார்த்தவர்கள் என்பதால் சொல்கிறேன்." அட்டவணை என்ற சொல்லே அதில் வரக்கூடாது.

தினமும் பார்க்கும் ஆள் என்றால் மெயிலைவிட நேரில் சொல்வது நல்லது. அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு வாக்கியம் சொல்லி முடித்ததும் ஒரு மௌனம் வரும். அதைத் தாங்க முடியாமல் நாம் விளக்கத் தொடங்குவோம், விளக்கம் அட்டவணையில் போய் நிற்கும். மௌனம் வரும் என்று தெரிந்துகொண்டு போனால் அதைத் தாங்கலாம். அவர் பேசட்டும்.

எப்போது சொல்வது என்பதில் நான் அவ்வளவு கறாராக இருக்க மாட்டேன். அடுத்த வேலைநாள் நல்ல நேரம், அந்த வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால் கட்டாயம். உடனே கேட்டுவிட வேண்டும் என்று பலர் பதறுகிறார்கள். காயப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லி, அது கேட்கப்பட்டது என்று உணர்ந்த பிறகு வரும் மன்னிப்பு நன்றாக எடுபடுகிறது என்று சிந்தியா ஃப்ரான்ட்ஸ், கோர்ட்னி பென்னிக்சன் இருவரும் 2005-இல் காட்டியிருக்கிறார்கள். அதற்காக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். எல்லாவற்றையும் சரியாக எழுதியும் அவர் இப்படிப் பதில் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "பரவாயில்லை. ஆனால் நானும் சொல்லியாக வேண்டும். மாற்றங்கள் எல்லாம் பதிவில் இருந்தன, நீங்கள்தான் பார்க்கவில்லை." கை உடனே விசைப்பலகைக்குப் போகும். நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "நீங்கள் சொன்னதைப் படித்தேன். வியாழக்கிழமை அதிலிருந்தே தொடங்கலாம்." "சரி" என்று மொட்டையாக எழுதாதீர்கள், ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். "ஆனாலும்" என்றும் எழுதாதீர்கள். அவர் சொன்னதற்கு இடம் இருக்கிறது, அந்த இடம் மெயில் இல்லை என்பதை மட்டும் சொல்கிறீர்கள்.

வேறு மாதிரிப் பதிலும் வரலாம். இதில் நானே ஒரு முறை பெரிய தப்பு செய்திருக்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு சக ஊழியரிடம் இதே மாதிரி மெயிலுக்காக மன்னிப்பு கேட்டேன். அவர், "அதைப் படித்துவிட்டு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் சிசியில் இருந்தவர்களைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது" என்று எழுதினார். விவாதத்தைத் திறக்கக் கூடாது என்பதிலேயே குறியாக இருந்த நான், "கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்" என்று பதில் போட்டேன். அவர் எனக்கு அப்புறம் ஆறு மாதம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் எழுதியதில் விவாதமே இல்லை, வலி மட்டும்தான் இருந்தது, எனக்குத்தான் வித்தியாசம் தெரியவில்லை. விஷயம் பற்றிப் பேசினால் ஒத்திவைக்கலாம். வலியைப் பற்றிப் பேசினால் ஒத்திவைக்கக் கூடாது. "தூங்க முடியாத அளவுக்கு ஆகும் என்று யோசிக்காமல் எழுதினேன். அது என் தவறுதான்" என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரே பதிலில் இரண்டும் கலந்து வந்தால் வலிக்கு இப்போதே பதில் சொல்லுங்கள், விஷயத்துக்கு வியாழக்கிழமையைக் காட்டுங்கள்.

நான் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. அவர் உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் என்றால், "பரவாயில்லை சார்" என்று சொல்வதைத் தவிர அவருக்கு வழி இல்லை. அதனால் அந்தச் சொல்லை வைத்து எதுவும் சரியாகிவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது, சிசி ஆட்களிடம் நீங்களே சொல்வது அங்கே இன்னும் முக்கியம். மெயிலில் அவருடைய பிறப்பு, உடல், பாலினம், நோய் இவற்றைத் தொட்டு ஏதாவது எழுதியிருந்தால் அது தொனிப் பிரச்சினையே இல்லை, வேறு விஷயம். அவர் ஏற்கெனவே முறைப்படி புகார் கொடுத்திருந்தால், அதை விசாரிப்பவரிடம் கேட்காமல் நேரடியாக மெயில் அனுப்ப வேண்டாம். நல்ல மனசோடு அனுப்பியதும் அழுத்தம் கொடுத்ததாகப் பதிவாகிவிடலாம்.

வியாழக்கிழமை கூட்டத்தில் மறுபடி மன்னிப்பிலிருந்து தொடங்காதீர்கள். நேராக அட்டவணைக்குப் போங்கள், முதலில் அவரைப் பேச விடுங்கள். உங்கள் மெயிலுக்குப் பதிலே வரவில்லை என்றாலும் "படித்தீர்களா?" என்று கேட்க வேண்டாம். பெரும்பாலும் பதில் அந்த மெயிலுக்கு வராது. சில நாள் கழித்து, வேறு ஏதோ ஒரு சின்ன வேலைக்காக, "இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது?" என்று பழையபடி ஒரு மெயில் வரும்.